ஒற்றை ஃபிரேமில் ஒரு சப்டைட்டில்

வீடியோவில் ஓடும் சப்டைட்டிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மொழிபெயர்க்கும் வழக்கம் ஒரு தேவையிலிருந்து வந்தது. பல படங்களில் எழுத்துகள் காட்சியோடு சேர்த்தே பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. டிவிடியில் தனித் தடமாக வரும் சப்டைட்டில்கூட எழுத்தாக அல்ல, படமாகவே பதிந்திருக்கும். நகலெடுக்க எழுத்து இல்லாதபோது திரையைப் படம்பிடித்துப் பார்த்து எழுதுவதைத் தவிர வழியில்லை. கொரியத் தொடர்களின் ஆங்கில வரிகளைத் தமிழாக்குபவர்களிடம் இன்று இது பெருவழக்காகிவிட்டது. கூடவே ஒரு நியாயமும் பிறந்திருக்கிறது: பார்வையாளர் ஒரு வரியை ஒரு கணம்தான் பார்க்கிறார், எனவே ஒரு பார்வையில் படிக்க முடிகிற குட்டை வரியே நல்ல வரி, அதை எழுத அந்த ஒரு ஃபிரேம் போதும் என்பது அது. இதன் முற்பாதி சரி. பிற்பாதி தவறு.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட்டில் முகம் தெரிகிறது, இடம் தெரிகிறது, எழுத்து எங்கே விழுகிறது என்பதும் தெரிகிறது. வெற்று எழுத்துக் கோப்பை வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு இவை கிடைப்பதில்லை. கடைப் பலகை, கடிதம், கைபேசித் திரை போன்றவற்றில் உள்ள எழுத்தைப் பெயர்க்கப் பெரும்பாலும் ஒரு படமே போதும்.

குட்டை வரி என்ற கட்டுப்பாடும் தமிழுக்கு நல்லதுதான். நெட்ஃபிளிக்ஸ் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் வரம்பு வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் இரண்டு வரி. இந்த எண்ணை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் கணக்கு குழம்பும். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல் கண்ணுக்கு 13 எழுத்து. கணினியோ மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணி 24 என்கிறது. ‘வர்றாங்க’ என்று எழுதினால் இந்தச் சிக்கல் பெரிதாகாது. தமிழ் வினைமுற்று ஆளையும் எண்ணையும் சுமந்து வருவதால் ‘நான்’, ‘அவர்கள்’ போன்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ‘நான் நாளைக்கு உங்களைப் பார்க்க வருகிறேன்’ என்பதில் ‘நாளைக்குப் பார்க்க வர்றேன்’ மட்டும் நின்றாலும் பொருள் குறையாது. வரியை உடைக்கும்போது ‘நேத்து வந்த’ மேலேயும் ‘பையன்’ கீழேயும் போகாமல் பார்த்துக்கொண்டால் கண் தடுக்காது. இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டே பழகலாம்.

இனி பிற்பாதி. சப்டைட்டில் காலத்தில் ஓடும் எழுத்து; ஸ்கிரீன்ஷாட்டில் காலம் இல்லை. ஒரு வரி ஒரு பார்வைக்குள் அடங்குமா என்பதை அதன் நீளம் மட்டும் முடிவு செய்வதில்லை, அது திரையில் எத்தனை வினாடி நிற்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. ஆங்கிலத்துக்கு வினாடிக்கு 17 எழுத்து என்பது நெடுநாள் புழங்கிய கணக்கு. அதன்படி ஒன்றரை வினாடி நிற்கும் வரியில் 25 எழுத்து கொள்ளும், நான்கு வினாடி நிற்பதில் 68 கொள்ளும். இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே ஒற்றை ஃபிரேமைப் பார்த்து ‘இது போதுமான அளவு குட்டை’ என்று சொல்பவர் ஊகித்துத்தான் சொல்கிறார். பயந்த ஊகம் வரியைத் தேவைக்கு மேல் நறுக்குகிறது. நான்கு வினாடி வரியை இரண்டு சொல்லாகச் சுருக்கினால், பார்ப்பவர் அதைப் படித்து முடித்துவிட்டு, பாத்திரம் இன்னும் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்து, எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பார்.

காலம் இல்லாததைவிடப் பெரிய குறை, பக்கத்து ஃபிரேம் இல்லாதது. ஒரு வாக்கியம் ஒரே சப்டைட்டிலில் முடிய வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. இரண்டாகப் பிரிந்து வருவது அன்றாடம் நடப்பது. அப்படிப் பிரிந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். கொரியத் தாய் ஒருத்தி பிள்ளைகளிடம் கதவை மறித்து நின்று பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில சப்டைட்டில் இப்படி வருகிறது:

```
118
00:12:04,200 --> 00:12:05,900
No one leaves this house

119
00:12:05,980 --> 00:12:08,400
until your father comes home.
```

118ஆம் வரியின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் கையில் இருப்பவர் ‘யாரும் வீட்டை விட்டுப் போகக் கூடாது’ என்று எழுதுவார். பிழையற்ற தமிழ், குட்டையும்கூட. ஆனால் அது முடிந்த வாக்கியம். ஆங்கிலத்தில் அடுத்து ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு இருந்தது. தமிழில் வினைமுற்று வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. 119ஆம் வரியைத் தனியே பெயர்ப்பவரின் பாடு இன்னும் மோசம். ‘அப்பா வீட்டுக்கு வர்ற வரைக்கும்’ என்று விட்டால் வரி அந்தரத்தில் தொங்கும். தொங்குவதைப் பொறுக்காமல் அவர் ஒரு வினையைத் தானே சேர்ப்பார்: ‘அப்பா வர்ற வரைக்கும் காத்திருங்க’. மூலத்தில் யாரும் யாரையும் காத்திருக்கச் சொல்லவில்லை. தடை வேண்டுகோளாகிவிட்டது, வரியோ முன்பைவிட நீண்டுவிட்டது.

இரண்டு ஃபிரேமையும் சேர்த்துப் பார்ப்பவர் வரிசையை மாற்றுவார். 118இல் ‘அப்பா வர்ற வரைக்கும்’, 119இல் ‘யாரும் வெளியே போகக் கூடாது’. முதல் வரி இடைவெளியோடு 13 எழுத்து, இரண்டாவது 15. ஏறக்குறைய ஒன்றே முக்கால் வினாடிக்கும் இரண்டரை வினாடிக்கும் இவை தாராளமாகப் போதும். முதல் வரி முடியாமல் நிற்கிறது, அடுத்ததுக்குக் கையை நீட்டுகிறது. இப்படி வரிசை மாற்றுவது சில படங்களில் ஆபத்து: தடை முதலில் சொல்லப்பட்டு, காரணம் வந்ததும் ஒரு முகம் மாறுகிறது என்றால் வேறு உத்தி தேடவேண்டும். கொரியப் படத்தில் நிலைமை நேர்மாறு, இதில்தான் வேடிக்கை இருக்கிறது. கொரியமும் தமிழைப் போல வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. அந்தத் தாய் வாய் திறந்ததும் சொல்லும் முதல் சொல்லே ‘அப்பா’வாக இருக்கும், கொரியப் பிள்ளைகள் தந்தையை அழைக்கும் சொல் தமிழ்ச் சொல்லைப் போலவே ஒலிக்கும். தமிழ்ப் பார்வையாளர் காதில் ‘அப்பா’ விழுகிறது. ஆங்கில வரிசையிலேயே பெயர்த்திருந்தால் திரையில் அப்போது அப்பா இல்லை. அவர் வாக்கியம் முடியும் நேரத்தில்தான் எழுத்தில் வருகிறார். மூலமும் தமிழும் ஒரே வரிசையில் நடக்க, இடையில் நின்ற ஆங்கில ஃபிரேம் இரண்டையும் பிரித்துவைத்தது.

ஆங்கிலம் இடையில் நிற்பதன் விலை இதோடு முடிவதில்லை. பாங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ படத்தில் (2019) வரும் ‘ஜப்பகூரி’ இரண்டு உடனடி நூடுல்ஸ் பொட்டலங்களைக் கலந்து செய்யும் உணவு. ஆங்கில சப்டைட்டில் எழுதிய டார்சி பாகெட் ராமன், உடான் என்ற இரண்டு பெயர்களை ஒட்டி ‘ராம்-டான்’ என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். ஆங்கிலப் பார்வையாளருக்கு அது பொருத்தமான தீர்வு. அந்த ஃபிரேமை மட்டும் பார்த்துத் தமிழில் ‘ராம்-டான்’ என்று எழுதுபவர், கொரியத்திலும் இல்லாத தமிழிலும் இல்லாத ஒரு பண்டத்தைப் பரிமாறுகிறார்.

உணவுப் பெயரில் நேரும் இழப்பு சிறியது. உறவுமுறையில் நேர்வது அப்படியல்ல. ஹ்வாங் டாங்-ஹ்யுக்கின் ‘ஸ்குவிட் கேம்’ தொடரில் (2021) பாகிஸ்தானிலிருந்து வந்த தொழிலாளி அலி, படித்த மனிதனான சாங்-வூவை முதலில் ‘முதலாளி’ என்ற மரியாதைச் சொல்லால் அழைக்கிறான். ஆங்கிலத்தில் அது ‘சார்’ ஆனது. பிறகு சாங்-வூ, அப்படிக் கூப்பிடாதே, ‘ஹ்யுங்’ என்று கூப்பிடு என்கிறான். ஆண் ஒருவன் தன் அண்ணனை அழைக்கும் சொல் அது. ஆங்கிலத்தில் அதற்கு ஈடில்லாததால், பெயர் சொல்லிக் கூப்பிடு என்ற பொருளில் சப்டைட்டில் எழுதினார்கள். ஆங்கிலத்தில் பெயர் சொல்லி அழைப்பது நெருக்கம். அங்கே அது ஓரளவு பொருந்துகிறது.

அந்த ஃபிரேமின் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத் தமிழாக்குபவர் ‘சாங்-வூன்னே கூப்பிடு’ என்று எழுதுவார். மூத்தவரைப் பேர் சொல்லி அழைப்பது தமிழ் வீடுகளில் நெருக்கம் ஆகாது. கொரியத்திலிருந்தோ, குறைந்தபட்சம் காட்சியை ஒலியோடு கேட்டோ எழுதுபவருக்கு ‘அண்ணான்னு கூப்பிடு’ என்பது தானாக வரும். இரண்டு வரிகளின் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பார்வையில் படிக்க இரண்டும் எளிது. ஆனால் பின்னால் கோலிக்குண்டு ஆட்டத்தில் சாங்-வூ அலியை ஏமாற்றும்போது, முதல் மொழிபெயர்ப்பைப் படித்தவருக்கு ஒரு கூட்டாளி ஏமாற்றுகிறான். இரண்டாவதைப் படித்தவருக்கு, தன்னை அண்ணன் என்று அழைக்கச் சொன்னவன் ஏமாற்றுகிறான். கதையின் முதுகெலும்பு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது, அதைத் தமிழால் முழுதாகச் சொல்ல முடியும், இடமும் இருக்கிறது. ஃபிரேம்தான் அதை மறைத்தது.

இதற்கு மாற்றாக எல்லா இடத்திலும் உறவுச் சொல்லைத் திணித்துவிடவும் முடியாது. கொரியப் பெண் தன் காதலனையும் ‘ஒப்பா’ என்றே அழைப்பாள், சொந்த அண்ணனையும் அப்படியே அழைப்பாள். காதலனிடம் பேசும் ஃபிரேமில் ‘அண்ணா’ என்று எழுதினால் அரங்கு சிரிக்கும். எந்த ‘ஒப்பா’ என்பதை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முந்தைய காட்சி தெரிந்திருக்க வேண்டும். நீ, நீங்கள் என்ற தேர்வும் அப்படித்தான். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் கரைத்துவிடுகிறது. ஒற்றை ஃபிரேமைப் பெயர்ப்பவர் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஊகிக்க, ஒரே பெண் மாமியாரை ஒரு வரியில் ‘நீங்க’ என்றும் அடுத்ததில் ‘நீ’ என்றும் அழைப்பாள். தமிழ்க் காதுக்கு அதற்குள் ஒரு சண்டை நடந்துமுடிந்த மாதிரி இருக்கும்.

வரியைக் குறைக்க விளிச்சொல்லை முதலில் வெட்டு என்று பழக்குவதும் இதே கோளாறின் கிளை. ஆங்கிலத்தில் விளி பெரும்பாலும் பெயர். காதில் விழுவதால் எழுத்தில் விட்டாலும் நட்டமில்லை. தமிழில் ‘மச்சான்’, ‘அத்தை’, ‘தம்பி’ என்ற விளிதான் யார் யாருக்கு என்ன என்பதைச் சொல்கிறது. நறுக்க வேண்டுமானால் ‘உண்மையிலேயே’, ‘நான் நினைக்கிறேன்’ போன்ற நிரப்புச் சொற்களை நறுக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட்டைத் தவிர்க்க முடியாத வேலைகள் இருக்கவே செய்யும். அவற்றுக்குக் குறைந்தது மூன்று கூட்டுப்பொருள் தேவை: முந்தைய, பிந்தைய ஃபிரேம்களின் படங்கள், வரி தோன்றி மறையும் நேரம், பேசுபவர் கேட்பவருக்கு என்ன முறை என்ற ஒரு குறிப்பு. இவை இல்லாமல் ஒற்றைப் படத்தை நீட்டி ‘குட்டையாகத் தமிழில் எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்பவரிடம் மொழிபெயர்ப்பாளர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.