அலுப்புக்கு இட்ட எண்

1998-ஆம் ஆண்டில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சர்கே பிரினும் லாரி பேஜும், இணையப் பக்கங்களுக்குத் தரம் வகுக்க ஒரு வழிப்போக்கனைக் கற்பித்துக்கொண்டார்கள். அவன் ஒரு பக்கத்தில் நிற்பான், அதிலுள்ள இணைப்புகளுள் ஏதேனும் ஒன்றைக் குருட்டாம்போக்கில் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போவான், அங்கிருந்து வேறொன்றுக்கு. இவ்வாறு முடிவின்றிச் சஞ்சரிப்பவன் தன் காலத்தில் எத்தனை பங்கை எந்தப் பக்கத்தில் கழிக்கிறானோ, அதுவே அப்பக்கத்தின் மதிப்பு. அடுத்த அடி இப்போது நிற்கும் இடத்தை மட்டுமே பொறுத்தது, வந்த வழியைப் பொறுத்ததன்று என்பதால், கணித நூலார் இதனை மார்க்கோவ் சங்கிலி என்பர்; நாம் தேடும் பங்கீடு அச்சங்கிலியின் நிலைத்த பரவல்.

அதைக் காணும் வழியோ மிக எளியது. எல்லாப் பக்கங்களுக்கும் சமமாக மதிப்பைப் பகிர்ந்து தொடங்குக. ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பைத் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கட்டும். வந்து சேர்ந்ததைக் கூட்டி, மீண்டும் பிரித்துக் கொடுக்கட்டும். எண்கள் அசையாமல் நிற்கும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு அடுக்குச் சுழற்சி என்று பெயர் சொல்லலாம். கோடிக்கணக்கான வரிசைகள் கொண்ட ஓர் அணியை நேராகத் தீர்க்க முயல்வது வீண் என்றிருக்கையில், இணைப்புப் பட்டியலை ஒருமுறை படித்துச் செல்வதையே ஒரு சுற்றின் முழு உழைப்பாக்கிய இந்த எளிமைக்கு ஈடில்லை.

ஆனால் எண்கள் நிற்குமா? மூன்றே பக்கங்கள் கொண்ட ஒரு சிற்றுலகை எடுத்துக்கொள்வோம். க என்ற பக்கம் ச-வைச் சுட்டுகிறது. ச த-வைச் சுட்டுகிறது. த திரும்பவும் ச-வைச் சுட்டுகிறது. மூன்றுக்கும் 1/3 எனத் தொடங்கினால், முதற்சுற்றில் க-வின் மதிப்பு பூஜ்யம், ச-வுக்கு 2/3, த-வுக்கு 1/3. அடுத்த சுற்றில் ச-வுக்கு 1/3, த-வுக்கு 2/3. அதற்கடுத்து மறுபடியும் 2/3, 1/3. யுகமுடிவுவரை இந்த ஊசலாட்டம் ஓயாது. எங்கே நிறுத்தினோமோ அதைப் பொறுத்து ச பெரியதென்றோ த பெரியதென்றோ சொல்வோம். இதிலே இரண்டு நோய்கள் உள்ளன. எவராலும் சுட்டப்படாத க அடியோடு மறைந்தது ஒன்று. ச-வும் த-வும் தமக்குள் வட்டமிட்டு, வந்ததையெல்லாம் சிறைப்படுத்திக்கொண்டு ஊசலாடுவது மற்றொன்று. (எதையுமே சுட்டாத பக்கங்கள் என்று மூன்றாவது நோயும் உண்டு, அவற்றிடம் சேர்ந்த மதிப்பை எல்லாருக்கும் பகிர்ந்துவிடுவதே வழக்கமான வைத்தியமாதலால் அதை விட்டுவிடுவோம்.)

இதற்கு அவர்கள் கண்ட மருந்து, வழிப்போக்கனுக்கு அலுப்புத் தட்டும் என்பது. நூற்றுக்கு 85 வேளை அவன் இணைப்பைப் பின்பற்றுவான். மீதி 15 வேளை சலித்துப்போய், உலகிலுள்ள பக்கங்களுள் ஏதோ ஒன்றுக்குத் தாவிவிடுவான். 0.85 என்ற இதுவே தணிப்பெண். (அவர்கள் முதற்கட்டுரையில் தாவுதலின் பங்கைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுக்காமலே, மதிப்புகளின் கூட்டுத்தொகை ஒன்று என்று எழுதிவிட்டார்கள், சூத்திரமும் வாக்கியமும் ஒத்துப்போகாத அச்சிறு பிழை பல பாடக்குறிப்புகளுக்கும் அப்படியே சென்றது.) நம் சிற்றுலகில் இதைப் புகுத்தினால், க-வுக்கு 0.05 உறுதியாகிறது. ச-வின் மதிப்பு சுற்றுக்குச் சுற்று 0.617, 0.376, 0.581 என்று இன்னமும் ஊசலாடத்தான் செய்கிறது. ஆயினும் வீச்சு ஒவ்வொரு முறையும் சரியாக 0.85 மடங்காகச் சுருங்கி, கடைசியில் ச 0.486, த 0.464 என அமைகின்றன. ச சற்றே உயர்ந்து நிற்பது க-வின் ஒற்றை இணைப்பால் என்பது கண்கூடு.

இந்தச் சுருக்கம் நமது மூன்று பக்கங்களின் விசேஷமன்று. எத்தகைய இணைப்பு வலையாயினும், தாவுதல் சேர்ந்த அணியின் இரண்டாவது ஐகன் மதிப்பு தணிப்பெண்ணை மிஞ்சாது. ஆகவே பிழை சுற்றுதோறும் குறைந்தபட்சம் அந்த விகிதத்தில் தேய்கிறது. ஐம்பது சுற்றில் 0.85 என்பது ஏறத்தாழ 0.0003 ஆகிவிடும். முப்பத்திரண்டு கோடி இணைப்புகள் கொண்ட வலையில் ஏறக்குறைய 52 சுற்றுகளில் போதிய அளவு நிலைபெற்றதாக அவர்கள் அறிக்கை கூறியதில் வியப்பில்லை. இணையத்தின் வடிவத்தை அறியாமலே, இத்தனை சுற்றுக்குள் முடியும் என்று முன்கூட்டி வாக்களிக்க முடிவதைத்தான் இம்முறையின் மெய்யான பெருமையாக நான் கருதுகிறேன்.

எனக்கு ஐயம் பிறப்பது அந்த எண்ணின் உரிமையிலேதான். வாசகன் உண்மையில் ஏழில் ஒருமுறை சலிக்கிறான் என்று யாரும் அளந்து பார்த்து இதை நிறுத்தியதாக நான் கொள்ளவில்லை. கணக்கு விரைவில் முடியவும் வேண்டும், இணைப்புகளின் குரல் அமுங்கிவிடவும் கூடாது என்ற இரண்டுக்கும் நடுவே கண்ட சமரசமாகவே அதைப் படிக்கிறேன். 0.99 என்று வைத்தால் பிழையை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்க 43 சுற்றுக்குப் பதில் 688 சுற்று ஆகும். நம் சிற்றுலகிலோ ச 0.499, த 0.498 என்று ஏறத்தாழ ஒன்றாகி, க-வின் சாட்சியம் கரைந்துபோகும். எண்ணை மாற்ற மதிப்புகள் மாறுகின்றன. பெரிய வலையில் பக்கங்களின் வரிசையே மாறிவிடக் கூடும். ஆகவே நிலைத்த பரவல் இணையத்தின் சொத்தென்று மட்டும் சொல்லுதல் தகாது. அதில் நாம் இட்ட எண்ணின் பங்கும் உண்டு. நின்றுவிட்டது என்று அறிவதிலும் ஏமாற்றம் உண்டு: அடுத்தடுத்த இரு சுற்றுகளின் வேறுபாடு எவ்வளவோ, மெய்ப்பிழை அதைப்போல் சுமார் 5.7 மடங்குவரை இருக்கலாம். நூறு கோடிப் பக்கங்களில் சராசரி மதிப்பே நூறு கோடியில் ஒன்று என்கையில், வாலில் கிடக்கும் பக்கங்களின் வரிசையை அத்தகைய நிறுத்தத்திலிருந்து நம்புதல் பேதைமை.

இதைவிடக் கூர்மையான குறை, மருந்தே நஞ்சாவது. தாவுதல் எந்தப் பக்கத்துக்கும், அது நேற்றுப் பிறந்த பொய்ப்பக்கமாயினும், ஒரு குறைந்தபட்சப் பங்கைத் தானமாக அளிக்கிறது. ஒருவன் நூறு வெற்றுப் பக்கங்களை எழுப்பி, எல்லாவற்றையும் தன் ஒரு பக்கத்தைச் சுட்டச்செய்து, அப்பக்கத்திலிருந்து அந்த நூற்றுக்கும் திருப்பிச் சுட்டினால் என்ன ஆகும்? வெளியுலகிலிருந்து ஓர் இணைப்பும் இல்லாமலே, அந்த ஒரு பக்கம் சராசரிப் பக்கத்தைப்போல் 46 மடங்குக்கு மேல் மதிப்புப் பெறும். போய்வரும் வட்டம் மட்டும் மதிப்பை 3.6 மடங்காகப் பெருக்குகிறது. 101 பக்கங்களுக்கும் சேர்ந்து கிடைப்பது தலைக்கு ஒரு பங்கேதான். ஆனால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை ஒரே இடத்தில் குவித்துவிட முடிகிறது. பக்கம் எழுப்பச் செலவில்லாத உலகில், தலைக்கொரு பங்கு என்ற நீதி, தலைகளைப் பெருக்குபவனுக்கே சாதகம்.

2004-இல் கியோங்கி, கார்சியா-மோலினா, பெடர்சன் ஆகிய மூவரும் கூறிய மாற்று, தாவுதலை எல்லாப் பக்கங்களுக்கும் பகிராமல், மனிதர் பார்த்து நல்லவையெனத் தேர்ந்த சில பக்கங்களுக்கு மட்டும் விடுவது. இதனால் சுழற்சியின் வேகம் சிறிதும் குறைவதில்லை, ஏனெனில் ஐகன் மதிப்பின் வரம்பு தாவும் இடத்தைப் பொறுத்ததன்று. பொய்ப்பக்கங்களின் தானமும் நின்றுபோகிறது. ஆனால் நம் சிற்றுலகில் நல்ல பக்கமென்று ச-வை மட்டும் தேர்ந்தோமானால், க-வுக்கு எவரும் இணைப்புத் தராததால், அதன் மதிப்பு மறுபடியும் பூஜ்யம்.