ஏழாம் அதிபதி சொல்வது எவ்வளவு?

ஒருவர் எப்படிப்பட்ட துணையைத் தேடுவார் என்பதை அறிய மேற்கத்திய சோதிடம் மூன்றைப் பார்க்கிறது: பிறந்த நேரத்தில் மேற்கு அடிவானத்தில் மறைந்துகொண்டிருந்த ராசி, அங்கே தொடங்கும் ஏழாம் வீடு, அந்த ராசிக்கு உரிய கிரகம். நம் சோதிடர்களும் இதே இடத்தைக் களத்திர ஸ்தானம் என்று ஆராய்கிறார்கள். ஆனால் அவர்கள் கேட்பது திருமணம் எப்போது, வாழ்க்கைத் துணை எப்படி அமையும் என்பது. மனம் யாரை நாடுகிறது என்ற கேள்வி 20ஆம் நூற்றாண்டில், கார்ல் யுங்கின் உளவியலைப் படித்த மேற்கத்திய சோதிடர்களிடம் வலுப்பெற்றது. லிஸ் கிரீன் 1977இல் எழுதிய ‘ரிலேட்டிங்’ இந்த நோக்கைப் பரவலாக்கிய நூல்களில் ஒன்று. தன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொள்ளாத குணத்தை மனிதர் இன்னொருவர்மேல் ஏற்றிப் பார்த்து, அவரால் ஈர்க்கப்படுகிறார் என்பதே இதன் அடிப்படை. லக்னம் நான் என்றால், அதற்கு நேர் எதிரே மறையும் ராசி நான் விட்டுவைத்தது.

கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால் மறையும் ராசி தனிச் சான்று ஆகாது. லக்னம் மேஷம் என்றால் ஏழாமிடம் துலாம். வேறு வழியே இல்லை. ஆகவே அந்த ராசியை மட்டும் வைத்துச் சொல்லும் எதுவும், லக்னத்தைப் பற்றி ஏற்கெனவே சொன்னதைத் திருப்பிப் போட்டதாகவே இருக்கும். அதிபதிகளைச் சேர்த்தாலும் இதே கதைதான். பழைய ஏழு கிரக முறையில் லக்னாதிபதியும் ஏழாம் அதிபதியும் எப்போதும் நான்கு இணைகளுக்குள் அடங்கிவிடுவார்கள்: செவ்வாய்–சுக்கிரன், புதன்–குரு, சந்திரன்–சனி, சூரியன்–சனி. கடக, சிம்ம லக்னக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஏழாம் அதிபதி சனி. அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித் துணையைத் தேடுவதில்லை என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. புதிய செய்தி எங்கே நுழைகிறது என்றால், அந்த அதிபதி எந்த ராசியில், எந்த வீட்டில், யாருடன் நிற்கிறார் என்பதில்தான். அது லக்னத்தை மட்டும் வைத்து முடிவாவதில்லை. கையில் உள்ள மூன்று சான்றுகளில் எடை உள்ளது இது ஒன்றே என்பது என் கருத்து.

யுங்கின் ஜாதகத்திலேயே இதைப் பார்க்கலாம். அவர் 1875 ஜூலை 26 அன்று சுவிட்சர்லாந்தின் கெஸ்வில்லில், சூரியன் மறையும் வேளையில் பிறந்தார். மேற்கத்திய கணக்கில் லக்னம் கும்பத்தின் தொடக்கம், ஏழாமிடம் சிம்மம், அதன் அதிபதி சூரியன் அதே சிம்மத்தில். தானே ஒளியும் அந்தஸ்தும் உடைய துணை என்று சோதிடர் படிப்பார். 1903இல் யுங் மணந்த எம்மா ரௌஷன்பாக் செல்வக் குடும்பத்துப் பெண். பின்னாளில் தாமே உளப்பகுப்பாய்வாளராக விளங்கியவர். பொருந்துகிறது. இனி அயனாம்சம் ஏறக்குறைய 22 பாகையைக் கழித்து நம் முறையில் போட்டால் லக்னம் மகரமாகிறது, ஏழாமிடம் கடகம், அதிபதி சந்திரன் மேஷத்தில், அதாவது நான்காம் வீட்டில். இல்லத்தையும் தாய்மையையும் தாங்கும் துணை என்று இதைப் படிக்கலாம். எம்மா ஐந்து பிள்ளைகளின் தாய். இதுவும் பொருந்துகிறது! இரண்டு வெவ்வேறு அதிபதிகள், இரண்டு வெவ்வேறு வீடுகள், இரண்டும் சரி என்றால், பொருத்தம் ஜாதகத்திலிருந்து வரவில்லை, படிப்பவருக்குக் கதை முன்பே தெரிந்திருப்பதிலிருந்து வருகிறது. மேற்கத்திய கணக்குக்குள்ளேயே கூட, பிறந்த நேரம் சில நிமிடங்கள் முந்தியிருந்தால் லக்னம் மகரத்துக்குப் போய்விடும், ஏழாம் அதிபதியும் மாறிவிடுவார்.

யுங்கே இதைச் சோதித்தாரே என்று மறுப்பவர்கள் உண்டு. அவர் 483 தம்பதியரின் ஜாதகங்களை மூன்று தொகுதிகளாக ஒப்பிட்டு, 1952இல் முடிவுகளை வெளியிட்டார். சூரியன், சந்திரன், செவ்வாய், சுக்கிரன், லக்னம், மறையும் புள்ளி ஆகியவை ஒருவருக்கொருவர் சேர்வதையும் எதிர்நிற்பதையும் எண்ணினார். ஒவ்வொரு தொகுதியிலும் சந்திரன் சம்பந்தப்பட்ட ஒரு சேர்க்கை முன்னால் வந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சேர்க்கை. தொகுதிகளைக் கூட்டியபோது அந்த முனைப்பு மங்கியது, புள்ளியியல் நோக்கில் அது சான்றாகாது என்பதை யுங்கும் ஏற்றார். அதைவிட முக்கியமானது, ஏழாம் அதிபதியின் நிலை அவர் கணக்கில் சேரவே இல்லை. எனவே அந்த ஆய்வு ஏழாம் அதிபதி பற்றிய கூற்றை நிறுவவும் இல்லை, தகர்க்கவும் இல்லை.

தேடல் என்பது அகநிலை, அதை அளக்க முடியாது என்பது இன்னொரு மறுப்பு. அப்படியானால் எந்தத் துணை வந்தாலும் விளக்கம் தோற்காது. தோற்கவே முடியாத விளக்கத்தை நம்பிப் பெண்ணோ பையனோ வரனை ஒதுக்குவது அநியாயம். ஆனால் அளக்க வழி இருக்கிறது. ஒருவருடைய ஜாதகத்தையும், அதே நாளில் ஆறு மணி நேரம் தள்ளிப் போட்ட இன்னொன்றையும் எடுங்கள். கிரகங்கள் நிற்கும் ராசிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். லக்னமும் வீடுகளும் மாறிவிடும், ஏழாம் அதிபதியும் பெரும்பாலும் மாறிவிடுவார். ஆளைத் தெரியாத சோதிடர் இரண்டுக்கும் துணைப் பலனை முன்கூட்டியே எழுதட்டும், எது தன்னுடையது என்று உரியவர் தேர்ந்தெடுக்கட்டும். நூறு பேரில் ஐம்பதையொட்டியே சரியான தேர்வு வந்தால், ஏழாம் வீட்டின் பெயரில் சொல்லப்பட்டது யாருக்கும் பொருந்தும் பேச்சு. எண்பது வந்தால், நான் மேலே எழுதியதில் பாதியைத் திருத்த வேண்டியிருக்கும்.