விடுப்பு விண்ணப்பம்: அமைப்பும் வாசகமும்

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இளநிலை உதவியாளர் தம் மேலதிகாரிக்கு எழுதும் விடுப்பு விண்ணப்பம் அனுப்புநர், பெறுநர், விளி, பொருள், வாசகம், இடம், நாள், கையொப்பம் என்ற வரிசையில் அமைகிறது. இவற்றுள் மிகச் செம்மையானது வாசகத்துக்கு முந்தைய பகுதி. பெறுநர் இடத்தில் அதிகாரியின் பெயர் வராமல் பதவி மட்டும் வருவதால், அவர் இடம் மாறிப் போனாலும் விண்ணப்பம் செல்லும். பொருள் வரி, ‘விடுப்பு – தற்செயல் விடுப்பு – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக’ எனப் பொதுவிலிருந்து குறிப்புக்கு இறங்குகிறது. தாளை முழுதும் படிக்காமலே அது எந்தப் பதிவேட்டுக்கு உரியது என்று பிரிவு எழுத்தர் அறிந்துகொள்கிறார்.

குறை வாசகத்தில் தொடங்குகிறது. வழக்கமான விண்ணப்பம் ஒன்று இப்படி அமையும்: ‘அவசர சொந்த வேலை காரணமாக 10.07.2025 முதல் 15.07.2025 வரை விடுப்பு அளித்து உதவுமாறு தங்களை மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.’ இலக்கணம் சரி, மரியாதையும் குறையவில்லை. ஆனால் எத்தனை நாள் விடுப்பு என்பது இதில் இல்லை. 10 வியாழன், 15 செவ்வாய், இடையில் சனி, ஞாயிறு. தற்செயல் விடுப்பில் இடைப்பட்ட விடுமுறைகள் கணக்கில் சேர்வதில்லை. எனவே ஆண்டுக்குரிய 12 நாளில் 4 நாள் கழியும். ஈட்டிய விடுப்பானால் அவையும் சேர்ந்து 6 நாள் கழியும். விடுப்பின் வகை பொருள் வரியிலும் விடுபட்டால், விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பி வரும்.

‘அவசர சொந்த வேலை’ என்ற தொடரை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. குடும்பச் செய்தியை அலுவலகம் முழுதும் அறியாமல் அது காக்கிறது. ஆனால் ஒரே பிரிவில் இருவர் ஒரே நாளில் விடுப்புக் கேட்கும்போது, யாருக்கு முதலில் அளிப்பது என்று முடிவெடுக்க அது அதிகாரிக்கு உதவுவதில்லை. அப்போது ‘மகளின் கல்லூரிச் சேர்க்கை’ என்ற அளவு விவரம் போதும்.

பணிவுச் சொற்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்பது விதி. ஆகவே வேண்டுகோள் வினை பொருந்தும். ஆனால் அதற்கு ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்ற ஒரு சொல்லே போதும். ‘மிகவும்’, ‘பணிவன்புடன்’, ‘அளித்து உதவுமாறு’ என்று அடுக்குவதால் மரியாதை கூடுவதில்லை, வாக்கியம்தான் நீள்கிறது. அந்த இடத்தில் வர வேண்டிய இரண்டு செய்திகள் பெரும்பாலும் விடுபடுகின்றன: இருக்கைப் பணியை யார் கவனிப்பார், விண்ணப்பதாரர் தலைமையிடத்தை விட்டு வெளியூர் செல்கிறாரா என்பன.

அமைப்பை மாற்றாமலே வாசகத்தைத் திருத்தலாம்: ‘மகளின் கல்லூரிச் சேர்க்கைக்காக 10, 11, 14, 15.07.2025 ஆகிய நான்கு நாட்களுக்குத் தற்செயல் விடுப்பும், இக்காலத்தில் தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதியும் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் இருக்கைப் பணியை அ2 இருக்கை உதவியாளர் கவனிக்க ஒப்புக்கொண்டுள்ளார்.’ அதிகாரி வேறெதுவும் கேட்காமல் ஒப்பமிட இது போதுமானது.