வோல்ட்டும் ஆம்பியரும் விலகிய கணக்கு

110 கேவியை 11 கேவியாக இறக்கும் 16 எம்விஏ மின்மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுத் துணைமின் நிலையங்களில் வழக்கமாகக் காணக்கூடிய அளவுதான் இது. அதன் மின்மறிப்பு எத்தனை ஓம் என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. 110 கேவி பக்கத்திலிருந்து பார்த்தால் சுமார் 75.6 ஓம், 11 கேவி பக்கத்திலிருந்து பார்த்தால் 0.756 ஓம். மின்னழுத்தம் பத்து மடங்கு மாறும்போது ஓம் நூறு மடங்கு மாறிவிடுகிறது. ஆனால் பெயர்ப்பலகையில் இருப்பது ஒரே எண்தான்: 10 சதவீதம், அதாவது 0.10 பெர்-யூனிட். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது மாறுவதில்லை.

ஓர் அளவை, நாமே தேர்ந்துகொண்ட அடிப்படை அளவால் வகுத்துச் சொல்வதுதான் பெர்-யூனிட் முறை. திறனுக்கு ஓர் அடிப்படை வைக்கிறோம். மின்னழுத்தத்துக்கு, மின்மாற்றியின் இரு பக்கமும் அதன் விகிதப்படியே அடிப்படைகளை வைக்கிறோம். மின்னோட்டத்துக்கும் ஓமுக்குமான அடிப்படைகள் இவற்றிலிருந்து தாமே கிடைத்துவிடும். மின்மாற்றியின் விகிதமும், மூன்று கட்டக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் மூன்றின் வர்க்கமூலமும் கணக்கின் நடுவிலிருந்து மறைகின்றன.

இதே மின்மாற்றியின் 11 கேவி பஸ்ஸில் மூன்று கட்டங்களும் குறுக்குச்சுற்று ஆனால் எவ்வளவு மின்னோட்டம் பாயும்? 110 கேவி பக்கத்தின் பழுதுத் திறன் 2000 எம்விஏ என்று கொள்வோம். பொது அடிப்படை 100 எம்விஏ. மேல்பக்க வலையமைப்பின் மின்மறிப்பு, 100ஐ 2000ஆல் வகுக்க, 0.05. மின்மாற்றியின் 0.10 அதன் சொந்த 16 எம்விஏ அடிப்படையில் சொன்னது. 100 எம்விஏவுக்கு மாற்றினால் 0.625. இரண்டும் சேர்ந்து 0.675. ஒன்றை அதனால் வகுத்தால் 1.48. 11 கேவியில் அடிப்படை மின்னோட்டம் 5.25 கிலோ ஆம்பியர். ஆகவே பழுது மின்னோட்டம் ஏறத்தாழ 7.8 கிலோ ஆம்பியர். அதே 1.48ஐ 110 கேவி பக்கத்து அடிப்படையான 525 ஆம்பியரால் பெருக்கினால், அந்தப் பக்கம் பாயும் 778 ஆம்பியரும் கிடைத்துவிடுகிறது.

கணக்கு எளிதாகிறது என்பதை மட்டும் இம்முறையின் சிறப்பாகச் சொன்னால், அந்த வாதம் இன்று வலுவிழந்துவிட்டது. கணினிக்கு ஓமும் ஒன்றுதான், பெர்-யூனிட்டும் ஒன்றுதான். இன்றைக்கும் நிற்கும் பலம் வேறு: எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் நிலைமையை எடைபோடலாம். மூன்று பஸ்களில் 224, 104.5, 10.4 கேவி என்று அளவுகள் வந்தால் எது அதிகம் தளர்ந்திருக்கிறது என்று சட்டென்று தெரியாது. 0.974, 0.95, 0.945 என்று எழுதினால் உடனே தெரிகிறது. யாராவது இந்த மின்மாற்றிக்கு 0.10க்குப் பதிலாக 1.0 என்று பதிந்துவிட்டால், அனுபவப்பட்ட கண் அதை அங்கேயே பிடித்துவிடும். 75.6 ஓம் 756 ஆனால் அவ்வளவு எளிதில் உறுத்தாது.

குறையும் இதே இடத்திலிருந்துதான் பிறக்கிறது. அலகு இல்லாத எண், தன் அடிப்படை எது என்று சொல்லாது. மேலே சொன்ன கணக்கில் 0.10ஐ மாற்றாமல் அப்படியே 0.05உடன் கூட்டினால் 0.15, விடை 35 கிலோ ஆம்பியர். உண்மையைப் போல நாலரை மடங்கு. கூட்டிய இரண்டும் வெறும் எண்கள் என்பதால், ஓமையும் சதவீதத்தையும் கலந்தால் எழும் முரண் இங்கே எழாது. பிழையைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மேல்பக்கம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், இந்த மின்மாற்றி வழியே 16ஐ 0.10ஆல் வகுத்த 160 எம்விஏவுக்கு மேல், அதாவது 8.4 கிலோ ஆம்பியருக்கு மேல், மின்னோட்டம் வர முடியாது. அதைத் தாண்டும் எந்த விடையும் தவறு.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. டெல்டா-ஸ்டார் இணைப்பில் இரு பக்க மின்னழுத்தங்களுக்கும் இடையே 30 பாகை விலகல் இருக்கிறது. விகிதத்தை மறைக்கும் பெர்-யூனிட் படம், பலமுறை இந்த விலகலையும் மறைத்துவிடுகிறது. சமச்சீரான பழுதில் மின்னோட்டத்தின் அளவு இதனால் கெடாது. ஆனால் ஸ்டார் பக்கம் ஒரு கட்டம் தரையைத் தொட்டால், டெல்டா பக்கத்தில் இரண்டு கம்பிகளில் 0.577 மடங்காக மின்னோட்டம் வரும். இதைக் கவனிக்காமல் ரிலேவின் அளவை வைத்தால், மேல்பக்கப் பாதுகாப்பு அந்தப் பழுதை உணராமலே போகலாம்.

ஆகவே வடிவமைப்புக்கும் ஒப்பீட்டுக்கும் பெர்-யூனிட்டை விட வேண்டியதில்லை. அதற்கு ஈடான வேறு வழி இல்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் எம்விஏ அடிப்படையை எழுதுவது கட்டாயம். பிரேக்கரும் ரிலேவும் உண்மையான ஆம்பியரில்தான் வேலை செய்கின்றன. அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முன் விடையை ஆம்பியருக்குத் திருப்பி, மேலே சொன்ன உச்ச வரம்போடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகே கணக்கை முடித்ததாகக் கொள்ள வேண்டும்.