பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டான்

சிறு தொழில் நடத்துவோருக்கான பயிற்சி வகுப்புகளில் இப்போது ஒரு முறை செல்வாக்குப் பெற்றிருக்கிறது. பில்லில் ஒரு வரியை மறுத்து வாடிக்கையாளர் எழுதினால், அவருடைய கடிதத்தை அச்செடுத்து இரண்டு நிறப் பேனாக்களோடு உட்கார வேண்டும். தகவல்களுக்குப் பச்சைக் கோடு, உணர்ச்சிகளுக்குச் சிவப்பு. நாம் எழுதிவைத்த பதில் வரைவுக்கும் அதே கோடுகள். பிறகு சிவப்பை எல்லாம் நீக்கிவிட்டு, பச்சைக்கு மட்டும் பச்சையால் பதில் எழுத வேண்டும். ஊரப்பாக்கத்தில் ஏ.சி. சர்வீஸ் நடத்தும் ஒருவர், “இதைக் கத்துக்கிட்ட பிறகுதான் சார், கடையில சண்டையே நின்னுச்சு” என்று என்னிடம் வாதாடினார். தான் திருத்திய பதில் ஒன்றையும் பெருமையாகக் காட்டினார். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது.

முறையின் நன்மைகளை மறுக்க வேண்டியதில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தில் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளை அது தடுக்கிறது. பில் எண், தேதி, தொகை என்று பேச்சை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. நாளை விவகாரம் செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், வசவு இல்லாத கடிதம் நிறுவனத்தைக் காப்பாற்றும். இவ்வளவும் சரி.

பில் 4,661 ரூபாய்க்கு. பராமரிப்பு 700, கெபாசிட்டர் 450, கேஸ் சார்ஜிங் 2,800, மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. 711. வாடிக்கையாளர் மறுத்தது மூன்றாவது வரியை. அவர் எழுதியதன் சாரம் இது: “போன வருஷம்தான் கேஸ் போட்டீங்க. இந்த வருஷமும் அதே 2,800. கேஸ் போட வந்த பையன் பத்து நிமிஷத்துல கிளம்பிட்டான். என்னன்னு சொல்லாம எங்க அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டான். வயசானவங்கன்னா ஏமாத்திடலாமா? வெட்கமா இல்லையா உங்களுக்கு?”

கடைக்காரர் முதலில் எழுதியது சுடச்சுட ஒரு பதில். இத்தனை வருஷத்தில் யாரும் எங்களைத் திருடன் என்று சொன்னதில்லை என்று அது தொடங்குகிறது. வகுப்பு முடிந்து வந்து திருத்தியது இரண்டாவது பதில். குறிப்பிட்ட தேதியில் கேஸ் சார்ஜிங் செய்யப்பட்டது, வாடிக்கையாளர் தரப்பில் ஜாப் கார்டில் கையொப்பம் பெறப்பட்டுள்ளது, தொகை எங்கள் கட்டணப் பட்டியலின்படியே உள்ளது, எனவே மாற்றம் செய்ய இயலாது. நான்கே வாக்கியங்கள். ஒரு சுடுசொல் கிடையாது. வகுப்பில் இதற்குப் பாராட்டுக் கிடைத்ததாம்.

பாராட்டியவர்கள் ஏ.சி. வேலை தெரிந்தவர்கள் அல்லர். வாடிக்கையாளரின் கடிதத்தில் “பத்து நிமிஷத்துல கிளம்பிட்டான்” என்ற இடத்தில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. உண்மையில் கடிதத்தின் மிக முக்கியமான தகவலே அதுதான். கேஸ் சார்ஜிங் என்று முழுத் தொகை வாங்கினால் அதற்கென்று ஒரு வேலை வரிசை உண்டு. குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேட வேண்டும். கிடைத்த இடத்தைப் பற்றவைத்து அடைக்க வேண்டும். வாக்கம் பம்பைப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். இதற்கு மட்டுமே பதினைந்து, இருபது நிமிடம் போகும். வால்வை மூடி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று சற்று நேரம் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் சிலிண்டரைத் தராசில் வைத்து, வெளி யூனிட்டின் தகட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு கேஸ் ஏற்றுவார்கள். பத்து நிமிடத்தில் இது நடக்கவே நடக்காது. அந்தப் பையன் இருந்த கேஸின் மேல் கொஞ்சம் டாப்-அப் செய்துவிட்டுப் போயிருக்கிறான். பில்லோ முழு வேலைக்கு.

“போன வருஷம்தான் போட்டீங்க” என்பதும் சிவப்பில் கிடந்தது. பெட்ரோல் மாதிரி ஏ.சி.யில் கேஸ் செலவாகித் தீராது. அது மூடிய சுற்றுக்குள் சுழல்வது. ஒரே வருஷத்தில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். சென்ற ஆண்டே அந்தக் கசிவைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றியிருந்தால், இந்த ஆண்டுச் செலவுக்கு முதல் காரணம் இதே கடை. வாடிக்கையாளருக்கு இந்தத் தொழில்நுட்பம் தெரியாது. தெரிந்ததை, பட்டதை, கோபத்தோடு எழுதியிருக்கிறார். அவரிடம் இருந்த சான்றுகள் அத்தனையும் அந்தக் கோபத்தோடு ஒட்டித்தான் வந்தன. கோபத்தைக் கழற்றி வீசியவர்கள் சான்றையும் சேர்த்து வீசிவிட்டார்கள்.

இந்த முறையின் மேல் எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆட்சேபம் இதுவே. பச்சைக் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். பில்லில் இருப்பது தகவல், ஜாப் கார்டில் இருப்பது தகவல், கட்டணப் பட்டியலில் இருப்பது தகவல். மூன்றும் நிறுவனம் எழுதிவைத்தவை. வாடிக்கையாளர் கண்ணால் பார்த்ததற்கு ஆவணம் இல்லை, ஆகவே அது உணர்ச்சி. ஆவணம் வைத்திருப்பவர் மட்டுமே வெல்லும்படி இந்த விளையாட்டு அமைந்திருக்கிறது. கடைக்காரரின் ரோஷமும் இரண்டாவது பதிலில் தணியவில்லை. திருடன் என்று சொல்லிவிட்டாரே என்ற ஆத்திரம்தான் தனக்குச் சாதகமான மூன்று தகவல்களைப் பொறுக்கி அடுக்கிவைத்தது. முதல் பதிலிலாவது அந்த ஆத்திரம் வெளியே தெரிந்தது. இரண்டாவதில் நடுநிலை வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. எனக்கு முதல் பதிலே மேல். அதைப் படிப்பவர் திருப்பியாவது பேசுவார். இரண்டாவது, எதிராளியின் வாயை அடைக்க எழுதப்பட்டது.

சட்டமும் இந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்குத் தரும் வரையறையில், நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேர்கிறது. எத்தனை கிராம் ஏற்றினோம் என்று தெரிந்தும் சொல்லாத கடிதம் அந்த வரையறைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது!

கோடு போடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: வேலைக்குப் போன பையனைக் கூப்பிட்டுக் கேட்பது. நான் வற்புறுத்தியதால் கேட்டார்கள். சிலிண்டரின் எடையை முன்னும் பின்னும் அவன் குறித்துவைத்திருந்தான். அதன் பிறகு நாங்கள் எழுதிய மூன்றாவது பதில் இது:

“கேஸ் சார்ஜிங் 2,800 ரூபாய் என்ற வரியைக் கேட்டிருந்தீர்கள். எங்கள் ஆள் ஏற்றியது 300 கிராம். உங்கள் இயந்திரத்தின் முழு அளவு 900 கிராம். அன்று கசிவும் பார்க்கவில்லை, வாக்கமும் போடவில்லை. நீங்கள் சொன்ன பத்து நிமிடம் சரிதான். இது டாப்-அப், எங்கள் பட்டியலில் அதற்கு 1,000 ரூபாய். வித்தியாசம் 1,800, அதன் வரி 324, ஆக 2,124 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் இணைத்திருக்கிறோம். பணம் இன்று உங்கள் கணக்குக்கு வரும். மற்ற இரண்டு வரிகளில் மாற்றம் இல்லை. கசிவு எங்கே என்று வியாழன் காலை வந்து பார்க்கிறோம், அதற்கு வருகைக் கட்டணம் கிடையாது. என்ன வேலை என்று சொல்லாமல் உங்கள் அம்மாவிடம் கையெழுத்து வாங்கியது எங்கள் தவறு.”

இதிலும் வசவு இல்லை, கெஞ்சல் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது, அவர் அம்மாவைப் பற்றியது உட்பட. “வெட்கமா இல்லையா” என்பதற்கு மட்டும் தனிப் பதில் இல்லை. கடைசி வாக்கியமே அதற்கும் போதும். கிரெடிட் நோட்டும் சம்பிரதாயம் அல்ல. வெறுமனே பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கடையின் கணக்கில் பழைய விற்பனையும் அதற்குக் கட்டிய வரியும் அப்படியே நிற்கும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆம் பிரிவில் அதைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

பையன் எடையைக் குறிக்காமல் விட்டிருந்தால்? பிரஷர் கேஜில் பார்த்தோம் என்பார்கள். வெளி வெப்பத்துக்கு ஏற்ப அழுத்தம் ஏறி இறங்கும். எத்தனை கிராம் ஏறியது என்று அந்த முள் சொல்லாது. எடை எழுதாத ஜாப் கார்டை வைத்துக்கொண்டு 2,800 ரூபாய் வரிக்கு வாதாட ஒரு கடைக்கு உரிமை இல்லை. அங்கேயும் டாப்-அப் கட்டணத்துக்கு இறங்கி வந்து, எடை குறிக்கவில்லை என்ற காரணத்தையும் கடிதத்திலேயே எழுத வேண்டும்.