பரவையா, பாவையா?

ஈடு முப்பத்தாறாயிரப்படியின் பழைய அச்சுப் பதிப்பொன்றை மயிலையில் நண்பர் சிலர் படமெடுத்து, எழுத்துணரி என்னும் கணினி நிரலால் எழுத்தாக்கினர். விளைந்த பிரதியில் ‘காரணம்’ என்பது பலவிடங்களில் ‘கரரணம்’ என வந்திருந்தது. இதற்கு நிரலை மட்டும் பழித்தல் தகாது. ஓலைச்சுவடியில் ரகரமும் காலும் ஒரே வடிவின. அச்சில் ரகரத்தின் அடியில் சாய்கோடு அமைந்த பின்னும், எழுத்து தேய்ந்தோ மை மங்கியோ போனவிடத்து அவ்வேறுபாடு மறைகின்றது.

திருத்தும் முறை எளிது. ரகரம்–கால், னகரம்–ளகரம், புள்ளி உள்ளது–இல்லது என மயங்கும் இணைகளை முன்னரே குறித்து வைப்பர். சொற்பட்டியலில் இல்லாத வடிவம் வருமிடத்து, ஓர் இணையை ஓரிடத்தில் மட்டும் மாற்றிப் பார்ப்பர். ‘கரரணம்’ என்பதில் முதல் ரகரத்தைக் காலாக்கினால் ‘காரணம்’. இரண்டாவதைக் காலாக்கினால் ‘கராணம்’. முன்னது மட்டுமே பட்டியலில் உளதாதலின் ஐயமில்லை.

இடர் வேறிடத்தில் உளது. ‘பரவை’ என அச்சிட்டிருப்பதை நிரல் ‘பாவை’ என வாசித்தால், பட்டியல் வாய் திறவாது, இரண்டும் சொற்களே. கடலைச் சொல்லுமிடம் பெண்ணைச் சொல்லுமிடமாகிவிடும். ‘அவன்’ என்பது ‘அவள்’ ஆவது இதனினும் கொடிது. தலைமகள் பேச்சாக நடக்கும் திருவாய்மொழியில் எம்பெருமானுக்குரிய வார்த்தை பராங்குசநாயகியின் மேல் ஏறும். வாக்கியமோ பிழையின்றி ஓடும். மிகுதியாக வழங்கும் சொல்லே சரியென்று கொள்ளும் நிரல்களும் உள. அவற்றை நான் ஏலேன். அருகி வரும் சொல்லே அவற்றால் முதலில் அழியும்.

இவ்விடத்து வ்யாக்யானத்தின் அமைப்பே துணை செய்கின்றது. உரையாசிரியர் பாசுரச் சொல்லை ப்ரதீகமாக எடுத்த பின்னரே பொருள் அருளிச்செய்கிறார். ஆதலின் ப்ரதீகத்தைப் பொதுப்பட்டியலோடு ஒப்பிடாமல், அவ்வுரைக்குரிய பாசுரத்தோடு ஒப்பிடவேண்டும். பாசுரத்தில் ‘பரவை’ இருப்பின் ஐயம் தீரும். பாடபேதம் உளதாயின் மட்டும் இம்முறை ஏமாற்றும். அங்கே படத்தையே பார்த்தல் வேண்டும். ப்ரதீகமல்லாத உரைநடையில் வரும் ‘அவன்’, ‘அவள்’ ஆகியவற்றுக்கும் படமே ப்ரமாணம்.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியையே பட்டியலாகக் கொள்வதும் போதாது. அதில் இருப்பன தலைச்சொற்கள். ‘காரணமாகையாலே’ போன்ற புணர்ந்த வடிவங்கள் உரையிலிருந்தே தொகுக்கப்படவேண்டும். ‘ஸ்வரூபம்’, ‘பாரதந்த்ர்யம்’ முதலான மணிப்ரவாளச் சொற்களை முன்னரே சேர்க்காவிடின் நிரல் அவற்றையும் பிழையெனக் கருதும். க்ரந்த எழுத்தில் அச்சிட்ட வடமொழி வாக்யங்கள் தமிழ் மட்டும் அறிந்த நிரலில் பொருளற்ற எழுத்துக் குவியலாகும். அவற்றை அருகிலுள்ள தமிழ்ச் சொல்லாகத் திருத்தினால், பிழை நல்ல தமிழ் உடுத்து ஒளிந்துகொள்ளும். ஓரெழுத்து மாற்றத்தில் தீராததைத் தொடாமல், பக்க எண்ணோடு குறியிட்டு, க்ரந்தம் அறிந்தவர் கையில் கொடுப்பதே முறை.