நாட்டு சக்கரையில் பிழை எது?

‘நாட்டு சக்கரை’ என்று எழுதிய பலகையைப் பார்த்தால் படித்தவர்கள் முதலில் சிரிப்பது ‘சக்கரை’யைப் பார்த்துத்தான். ‘சர்க்கரை என்றுகூட எழுதத் தெரியவில்லையே’ என்பார்கள். அந்தப் பலகையில் உண்மையான பிழை அங்கே இல்லை, ஒரு எழுத்து முன்னால் இருக்கிறது. நாட்டு என்பதற்கும் சக்கரை என்பதற்கும் நடுவே வர வேண்டிய ‘ச்’ விழுந்துவிட்டது. சக்கரை பேச்சில் தேய்ந்து வந்த சொல். ‘ச்’ இல்லாதது எழுதியவர் விட்ட பிழை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி செக்போஸ்ட் வரை பஸ்ஸில் போகும்போது ஜன்னலோர சீட்டின் மதிப்பே கூடிவிடும்.

பலகை அடித்துக் கொடுக்கும் தம்பி ஒருவர் எனக்கு அனுப்பிய படத்தில் இந்தச் சக்கரை இருந்தது. ஆவடி – பூந்தமல்லி சாலையில் ஒரு செக்கு எண்ணெய்க் கடை. பழைய ஃபிளெக்ஸை எடுத்துவிட்டு எல்.இ.டி. எழுத்து வைக்கப்போகிறார்கள். “சார், ஸ்பெல்லிங் மட்டும் செக் பண்ணிடுங்க” என்று கூடவே ஒரு குரல் பதிவு. கடையின் பெயரைத் தொட எனக்கு உரிமை இல்லை. அது உரிமையாளர் வைத்தது, எண் கணிதம் பார்த்தும் வைத்திருக்கலாம். மீதி வாசகம் இது:

மரசெக்கு எண்ணை கடை
நல்லெண்ணை, கடலெண்ணை, தேங்கா எண்ணை
நாட்டு சக்கரை, கருப்பட்டி, கை முருக்கு கிடைக்கும்
மொத்தமாகவும் சில்லரையாகவும்
பூந்தமல்லி ரோடு, ஆவடி

படத்தை வைத்துத் திருத்தும்போது சொல்லுக்குப் போவதற்கு முன்னால் படத்தையே சரிபார்க்க வேண்டும். இதில் கருப்பட்டியின் ‘க’ தலையில் ஒரு புள்ளி தெரிந்தது. ‘க்ருப்பட்டி’ என்று படித்துத் திடுக்கிட்டேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளிக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது, ஓரத்தில் கொஞ்சம் துருவும் இருந்தது. அது பலகையைச் சட்டத்தில் முடுக்கிய போல்ட்டு. அச்சிட்ட புள்ளிக்கு நிழல் கிடையாது. மறுபக்கம் ‘கிடைக்கும்’ என்பதன் கடைசிப் புள்ளியைக் காணோம். ட்யூப் லைட் சட்டம் அதை மறைத்திருந்தது. புள்ளியைப் பற்றிய சந்தேகத்தைப் படத்தை வைத்து முடிவு செய்யாமல், பக்கவாட்டில் இன்னொரு படம் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. எல்.இ.டி. எழுத்தில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதில் புள்ளியைத் தனித் துண்டாக வெட்டி ஒட்டுகிறார்கள். வெயிலில் பசை விட்டால் முதலில் கழன்று விழுவது அதுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு எழுதியவரைத் திட்டக் கூடாது.

இனி சொற்களுக்கு வருவோம். ‘மரசெக்கு’, ‘நாட்டு சக்கரை’, ‘எண்ணை கடை’ மூன்றிலும் ஒரே நோய். மரச்செக்கு, நாட்டுச் சக்கரை, எண்ணெய்க் கடை என்று வல்லினம் மிக வேண்டிய இடங்கள் இவை. சந்தி இலக்கணம் படிக்காதவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அவருக்கு ஏற்கெனவே தெரியும். கடைக்காரரிடம் போய் “என்ன கடைங்க இது?” என்று கேளுங்கள். “மரச்செக்குக் கடை” என்று ‘ச்’சை அழுத்தித்தான் சொல்வார். தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றைச் ‘ச’ நின்றால் ஒலி மெலிந்து ‘ஸ’ ஆகிவிடும். எழுதியிருப்பதை அப்படியே படித்தால் ‘மரஸெக்கு’ என்றுதான் வரும். அந்த வட்டாரத்தில் ஒருவர்கூட அப்படிச் சொல்வதில்லை. ‘மளிகை கடை’யும் அப்படித்தான். நடுவில் ‘க்’ இல்லாவிட்டால் ‘க’ குழைந்துபோகும், ஆனால் எல்லார் வாயிலும் அது கெட்டியாகத்தான் ஒலிக்கிறது. ஆக, வாய் சரியாகச் சொல்வதைக் கை எழுதாமல் விடுகிறது. இதைப் பேச்சு வழக்கு என்று மன்னிப்பதற்கு வழியே இல்லை, பேச்சே இதற்கு எதிர்ச்சாட்சி.

கை ஏன் விடுகிறது என்பதற்குக் காரணங்கள் உண்டு. வடிவமைப்பவர் ‘நாட்டு’ ஒரு வரியிலும் ‘சக்கரை’ அடுத்த வரியிலும் வரும்படி வைப்பார். முதல் வரி ‘நாட்டுச்’ என்று முடிந்தால் அவர் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும், எடுத்துவிடுவார். எல்.இ.டி.யில் எழுத்துக் கணக்கில்தான் காசு, ஒரு ‘ச்’ கூடினால் செலவும் கூடும். வேண்டாத இடத்தில் ஒற்றைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பழக்கடைகளில் காணும் ‘பழமுதிர்ச்சோலை’ அப்படி வந்தது. உதிர்ந்த, உதிர்கிற, உதிரும் என்ற மூன்று காலமும் ‘உதிர்’ என்ற ஒரே சொல்லில் அடங்கியிருக்கிற வினைத்தொகை அது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அழகர்கோவில் மலைமேல் இருக்கும் முருகன் கோவிலுக்குப் போய் வந்தவர்கள் ‘சோலை’யை மெல்லத்தான் சொல்கிறார்கள். இங்கும் வாய்தான் சரி.

எண்ணெய் வேறு வகை. எள்ளின் நெய் என்பதால் எண்ணெய். பேச்சில் எல்லாருக்கும் அது ‘எண்ண’தான். ‘எண்ணை’ என்பது இரண்டுக்கும் நடுவில் கை கண்டுபிடித்த சமரசம். நெடுங்காலமாக, நன்றாகப் படித்தவர்கள் கையிலும் அது இருந்து வருகிறது. சமையல் குறிப்பில் வந்தால் நான் பென்சிலால் கோடு போடுவதோடு நிறுத்திக்கொள்வேன். எண்ணெய் விற்பவரே தன் பலகையில் நெய்யை விட்டுவிட்டால் எனக்கு மனசு கேட்காது, திருத்தச் சொன்னேன். ‘கடலெண்ணெ’யை விட்டுவிட்டேன். கறாராகப் பிரித்தால் அது கடல் எண்ணெய் ஆகும்தான். ஆனால் ஆவடியில் கடலும் இல்லை, அப்படிப் புரிந்துகொள்பவரும் இல்லை. ‘தேங்கா’ சுத்தமான பேச்சு வடிவம், ‘ய்’ வாயிலேயே விழுந்துவிட்டது. அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே பலகை ‘கிடைக்கும்’, ‘மொத்தமாகவும்’ என்று சட்டையைச் செருகிக்கொண்டு நிற்கிறது, நடுவில் தேங்கா மட்டும் லுங்கியில் வந்தது போல் இருக்கிறது. ‘வாங்க, சாப்பிடலாம்’ என்று கூப்பிடும் சாப்பாட்டுக் கடைப் பலகையாக இருந்தால் ‘தேங்கா சட்னி’தான் அழகு. அங்கே ‘தேங்காய்’ என்று திருத்துகிறவர் ரசனை கெட்டவர்.

வாயைக் கேட்டுப் பயனில்லாத பிழைகளும் உண்டு. ‘முருக்கு’, ‘சில்லரை’ இரண்டும் அந்த ரகம். சென்னைப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒரே ஒலிதான். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர் வாயில் கேட்கும் வேறுபாடு அம்பத்தூரில் கேட்காது. எனவே காது ஏமாறும். இங்கே உறவுக்காரச் சொல்லைத் தேட வேண்டும். மாவை விரலால் முறுக்கிச் சுற்றுவதால் அது முறுக்கு. மீசையை முறுக்குவதும் கயிற்றை முறுக்குவதும் அதே ‘று’. முருக்கு என்றும் ஒரு சொல் இருக்கிறது, செக்கச் சிவந்த பூப் பூக்கும் மரம் அது. ‘பொறித்த மீன்’ என்று எழுதும் ஓட்டல்களும் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன. எண்ணெயில் போடுவது பொரிப்பது. பொறித்த மீன் பாண்டியர் கொடியில் இருந்தது. சில்லறைக்கு இப்படி உதவிக்கு வர உறவுக்காரச் சொல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை, அகராதியைப் பார்த்து றகரம் என்று மனப்பாடம் செய்துகொள்வதுதான் வழி.

திருத்தம் எழுதி அனுப்பினேன். அதை அப்படியே எடுத்து ஒட்டினால் அவர்கள் பயன்படுத்தும் பழைய எழுத்துருவில் கொம்பு இடம் மாறிக் குதறிவிடும், ஆகவே அவர் கையாலேயே மறுபடி தட்டச்சு செய்தார். வந்த புரூஃபில் முறுக்கு சரி, சில்லறை சரி, கருப்பட்டி மட்டும் ‘கறுப்பட்டி’ ஆகியிருந்தது. நான் தொடாத சொல் அது. “ரெண்டு எடத்துல சின்ன ர தப்புன்னு போட்டிருந்தீங்க சார், அதான் மூணாவதையும் மாத்திட்டேன்” என்றார். கருப்புக்கட்டி தேய்ந்து கருப்பட்டி ஆனது, சின்ன ரகரமே சரி.

கடைசி வரியில் பூந்தமல்லி. பழைய பெயர் பூவிருந்தவல்லி என்று தெரிந்த ஒருவர் இதையும் சுழித்துவிடக் கூடும். அரசுப் பலகைகளில் பூவிருந்தவல்லியைப் பார்க்கலாம், கண்டக்டர் வாயில் பூந்தமல்லிதான். இரண்டும் வாழும் வடிவங்கள். திருமுல்லைவாயல் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. சுந்தரர் பாடிய தலம் திருமுல்லைவாயில். பேச்சில் ‘வாயல்’ ஆகி, அச்சிலும் ஏறி, இப்போது ‘வாயில்’ என்று எழுதினால்தான் புதிதாகத் தெரிகிறது. பக்கத்துத் திருநின்றவூரைப் பேச்சில் தின்னனூர் என்பார்கள். ஆங்கிலத்தில்கூட அது அப்படிப் பதிந்திருந்தது, ஆனால் தமிழ்ப் பலகையில் எழுதினால் உள்ளூர்க்காரரே முகம் சுளிப்பார். பேச்சு வடிவம் பலகை ஏறுவதற்கு ஊர் சம்மதிக்க வேண்டும். மூன்று ஊர்களும் மூன்று விதமாகச் சம்மதித்திருக்கின்றன.

அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிழை கடையுடையது இல்லை. பலகைக்கு ஓரமாக, பக்கத்து வீட்டு மதிலில் நீலப் பெயின்ட்டில் ‘சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதியிருந்தது. பழகிய கை, ‘ற்’றின் வால் ஒரே இழுப்பில் இறங்கியிருந்தது. இது கை விட்டதும் இல்லை, காது ஏமாந்ததும் இல்லை. அதிக மரியாதையில் வந்த பிழை. அவர் வாயில் இருப்பது ‘செவுத்துல’. காத்து என்பதைக் காற்று என்றும், நேத்து என்பதை நேற்று என்றும் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பேச்சின் ‘த்து’ எழுத்தில் ‘ற்று’ ஆகும் என்பது அவர் மனதில் பதிந்துவிட்டது. அந்தக் கணக்கில் செவுத்துல சுவற்றில் ஆனது. கணக்கு சரி, சொல் தவறு. கிணறு, வயிறு, ஆறு என்று ‘று’வில் முடிபவைதான் கிணற்றில், வயிற்றில், ஆற்றில் என்று இரட்டிக்கும். சுவர் ‘ர்’இல் முடிகிறது. ஊர் ஊரில் ஆவது போல, தேர் தேரில் ஆவது போல, சுவர் சுவரில் ஆகும். பேசுகிறபடியே ‘செவுத்துல விளம்பரம் பண்ணாதீங்க’ என்று எழுதியிருந்தால் நான் ஒரு எழுத்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டேன்.